பேன் கெபாசிட்டர் ரீஆர்டர் கணக்கு: ஃபார்முலா 95 சொல்லுது, பைத்தான் 86 சொல்லுது, அப்பா சிரிக்கிறார்

காட்பாடி கண்ணன்
எல்லாருக்கும் வணக்கம். காட்பாடில எங்களுக்கு எலக்ட்ரிக்கல் கடை, அப்பா பாத்துக்கிறார், நான் காலேஜ் முடிச்சிட்டு கூட நிக்கிறேன். அவர் ஸ்டாக் பாக்குற முறை என்னன்னா ரேக்க ஒரு தட்டு தட்டுவார், சத்தம் காலியா கேட்டா சென்னைக்கு போன் போடுவார். இத பைத்தான்ல சரி பண்ணலாம்னு கிளம்பினேன், இப்ப நானே மாட்டிகினேன்.

எடுத்துகிட்டது ஒரே ஒரு ஐட்டம், 2.5 எம்எஃப்டி பேன் கெபாசிட்டர். நாளைக்கு சராசரியா 8 போவுது. ஆனா சீரா போவாது, ஒரு நாள் 2 போவும், மறுநாள் எலக்ட்ரீசியன் ஒருத்தர் வந்து 15 அள்ளினு போயிடுவார். போன வருஷ நோட்ட எக்செல்ல ஏத்தி பாத்தா ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 5 வருது. சென்னைல சொன்னா சரக்கு வர 5 நாள், பெட்டி ஒண்ணுக்கு 100 பீஸ், அதுக்கு கம்மியா அனுப்ப மாட்டாங்க.

யூடியூப்ல பாத்த ஃபார்முலா:

`s = 8*5 + 1.645*5*sqrt(5) = 58.4`

அதாவது 58க்கு வந்தா ஒரு பெட்டி சொல்லிடு, 95 பர்சன்ட் சேஃப்னு அர்த்தம். சரி நெஜமாவான்னு பாக்க தினமும் ரேண்டமா விக்கிற மாதிரி லூப் எழுதினேன். சாயங்காலம் கடை சாத்தும்போது பாக்குற இடம் இது, `hand` கைல இருக்குற ஸ்டாக், `L` அந்த 5 நாள், `Q` பெட்டி 100, `due` எந்த நாள் எவ்ளோ வந்து எறங்கும்னு:

```python
if hand <= s:
    due[t + L + 1] = Q
```

ரிசல்ட் பாருங்க, கேட்டவங்கள்ல 99.8 பர்சன்ட் பேருக்கு பீஸ் கெடைக்குது, சூப்பர், ஆனா சராசரி ஸ்டாக் 290 காட்டுது. ஒரு சில நாள் 560க்கு மேல போவுது. எங்க ரேக்கே அவ்ளோ தாங்காது. எங்க தப்பு?

குடியாத்தம் இளங்கோ
1.645க்கு பதிலா சின்ன நம்பர் போடு ப்ரோ, 1.28 போட்டா 90 பர்சன்ட், ஸ்டாக் தானா இறங்கும்.

சத்துவாச்சாரி முருகவேல்
இளங்கோ, அது இறங்காது. 1.28 போட்டா s நாலு பீஸ்தான் கொறையும், இங்க இரநூறு பீஸ் கூட நிக்குது.

கண்ணன் தம்பி, 560ன்னு நீயே சொல்லிட்ட, அதுலயே விடை இருக்கு. 58க்கு வந்தப்பறம்தான் 100 சொல்றன்னா கையிருப்பு 158ஐ எந்த நாளும் தாண்டக்கூடாது, s+Q தான் உச்சி. தாண்டுதுன்னா ஒரே பெட்டிய பல தடவ சொல்லிகினு இருக்கன்னு அர்த்தம். நடக்குறது என்னன்னா, திங்கக்கெழம 55 ஆச்சு, ஒரு பெட்டி சொல்லிட்ட. செவ்வா சாயங்காலம் 47, லாரி இன்னும் வரல, உன் கோடு `hand` மட்டும் பாக்குது, 47 கம்மிதானே, இன்னொரு பெட்டி. புதன், வியாழன், வெள்ளி, சனி, அப்படியே மொத்தம் ஆறு பெட்டி. அப்பறம் ஞாயித்துக்கெழமைல இருந்து தினமும் ஒண்ணா ஆறு நாளைக்கு வந்து எறங்குது. அதான் 560. அப்பறம் ரெண்டு மாசத்துக்கு ஆர்டரே இல்ல.

உங்க அப்பா ரேக்க தட்டும்போது "நேத்து ஒண்ணு சொல்லியிருக்கோம்ல"ன்னு ஞாபகம் வச்சிகினுதான் தட்டுறார். அந்த ஞாபகம் கோட்ல இல்ல. வர வேண்டியதையும் சேத்து பாக்கணும்:

```python
if hand + onorder <= s:
    k = t + L() + 1
    due[k] = due.get(k, 0) + Q
    onorder += Q
```

சரக்கு எறங்குற அன்னைக்கு `onorder`ல இருந்து கழிக்க மறந்துடாத, மறந்தா ஆர்டரே போடாம கடை காலியாவும், அது இதுக்கு நேர் எதிர் வியாதி. `L()`ன்னு ஃபங்ஷனா வச்சிருக்கேன், இப்போதைக்கு `lambda: 5`, ஏன்னு அப்பறம் தெரியும்.

வேலூர் பில்லிங் சுரேஷ்
டாலில ரீஆர்டர் லெவல்னு ஆப்ஷனே இருக்கு, ஐட்டத்துக்கு நம்பர் போட்டா ரிப்போர்ட்ல வந்துடும். இதுக்கு ஏன் பைத்தான்? செட்டப் வேணும்னா சொல்லுங்க, லாங் பஜார் பக்கம்தான் இருக்கேன்.

காட்பாடி கண்ணன்
சுரேஷ்ணா டாலில நம்பர் போட எடம் இருக்கு, 95 பர்சன்ட்டுக்கு எந்த நம்பர் போடணும்னு அது சொல்லாதுல்ல, அத கண்டுபிடிக்கத்தான் இவ்ளோ பாடு.

முருகவேல்ணா செம. மாத்திட்டேன், உச்சி 158க்குள்ள அடங்கிடுச்சி. ஆனா இப்ப வேற தலவலி. எத்தன தடவ சரக்கு தீந்து போய் "இல்ல"ன்னு சொன்னோம்னு எண்ண ஆரம்பிச்சேன். ஒவ்வொரு பெட்டி வந்து சேர்றதுக்குள்ள ஒரு கஸ்டமராவது வெறுங்கையா போனாரா இல்லையான்னு. ஃபார்முலாபடி 100 பெட்டில 95 பெட்டிக்கு யாரும் வெறுங்கையா போவக்கூடாது. எனக்கு ஒரு வருஷம் ஓட்டினா ஒரு வாட்டி 80 வருது, இன்னொரு வாட்டி 93, இன்னொரு வாட்டி 86. எத நம்புறது?

சத்துவாச்சாரி முருகவேல்
வருஷத்துக்கு எத்தன பெட்டி வாங்குற? 8 இன்ட்டு 365, நூறால வகு, 29 பெட்டி. 29 தடவ காசு சுண்டி பாத்து தலை எத்தன பர்சன்ட்னு கேக்குற மாதிரி இது, ஏழு எட்டு பர்சன்ட் அப்படியும் இப்படியும் ஆடத்தான் செய்யும். கடைக்கு ஒரு வருஷம்தான், கம்ப்யூட்டருக்கு என்ன, 200000 நாள் ஓட்டு. 16000 பெட்டி கெடைக்கும், அப்ப முன்ன பின்ன அர பர்சன்ட்குள்ள நிக்கும்.

இன்னொண்ணு, விற்பனைய லூப்புக்குள்ள உருவாக்காத. முன்னாடியே ஒரு லிஸ்ட்டா எடுத்து வச்சிகினு, s 58க்கும் அதே லிஸ்ட், s 66க்கும் அதே லிஸ்ட்னு குடு. இல்லன்னா ஒரு பாலிசிக்கு நல்ல காலமும் இன்னொண்ணுக்கு கெட்ட காலமும் விழுந்து, நீ பாலிசி நல்லா இருக்குன்னு நெனச்சிப்ப.

```python
rng = np.random.default_rng(7)
dem = rng.negative_binomial(3.765, 0.32, 200_000).tolist()
```

இது சராசரி 8, டீவியேஷன் 5 குடுக்கும், மைனஸ்ல போவாது. நீ `rng.normal(8, 5)` வச்சிருப்பன்னு நெனக்கிறேன், அதுல இருபது நாளைக்கு ஒரு நாள் மைனஸ் விற்பனை வரும், யாரோ கெபாசிட்டர திருப்பி குடுக்குற கணக்கு.

காட்பாடி கண்ணன்
ஆமா ணா நார்மல்தான் 😅 மைனஸ் வந்தா ஜீரோ ஆக்கிட்டேன்.

இப்ப ஓட்டிட்டேன் 200000 நாள். ரேண்டம் சீட் எத்தன மாத்தினாலும் 86 கிட்டயே நிக்குது. 95 வரவே மாட்டேங்குது. சராசரி ஸ்டாக் 61. அப்ப ஃபார்முலா பொய்யா இல்ல என் லூப் பொய்யா? (தலைப்ப மாத்திட்டேன்.)

குடியாத்தம் இளங்கோ
இது எனக்கு தெரியும், ஸ்டாட்ஸ் படிச்சவன் நான். 1.645 நார்மலுக்கு உள்ள நம்பர். நீ இப்ப நெகட்டிவ் பைனாமியல் போட்டுட்ட, அதுக்கு வலது பக்கம் வால் நீளம், பெரிய விற்பனை நாள் அதிகமா வரும். வால் தின்னுட்டுது உன் 9 பர்சன்ட்ட. கேஸ் க்ளோஸ்.

சத்துவாச்சாரி முருகவேல்
வால் இருக்கறது நெஜம். எவ்ளோ தின்னுதுன்னு அளந்து பாத்துடலாமே இளங்கோ, ஒரு வரிதான்:

```python
(np.array(dem).reshape(-1, 5).sum(axis=1) <= 58).mean()
```

அஞ்சஞ்சு நாளா கட்டு கட்டி, ஒரு கட்டு விற்பனை 58க்குள்ள அடங்கின தடவ எத்தனன்னு கேக்குது. லூப் இல்ல, ஆர்டர் இல்ல, ஒண்ணும் இல்ல.

குடியாத்தம் இளங்கோ
0.94 கிட்ட வருது. 😐

சத்துவாச்சாரி முருகவேல்
ஆங். வால் எடுத்துகினது ஒண்ணோ ஒண்ணரையோ. மிச்ச எட்டு எங்க போச்சி?

கண்ணன், ஆர்டர் போடுற அந்த நிமிஷத்துல `hand` எவ்வளவுன்னு ஒரு லிஸ்ட்ல சேத்துக்கோ, கடைசில சராசரி எடு. எனக்கு பதில் தெரியும், ஆனா நீ பாத்து சொன்னாதான் மனசுல நிக்கும்.

காட்பாடி கண்ணன்
சராசரி 53. அதெப்படி, 58ல தானே போட சொல்லியிருக்கேன்??

சத்துவாச்சாரி முருகவேல்
58ல போட சொல்லல தம்பி, 58 இல்ல அதுக்கு கம்மியா இருந்தா போட சொல்லியிருக்க. சாயங்காலம் 63 இருக்கு, பரவால்லன்னு கடைய சாத்திட்ட. மறுநாள் எலக்ட்ரீசியன் 15 அள்ளினு போனார், சாயங்காலம் பாத்தா 48. 58ஐ நீ கண்ணாலயே பாக்கல, மேல இருந்து கீழ குதிச்சிட்ட. எல்லா தடவயும் இவ்ளோ குதிக்காது, சராசரியா அஞ்சு பீஸ் கீழ போய்தான் ஆர்டர் விழுது. ஃபார்முலா எழுதினவர் ஒவ்வொரு பீஸா கொறையும், 58ஐ தொட்ட நொடில ஆர்டர் போவும்னு நெனச்சி எழுதினது. உன்கிட்ட சேஃப்டிக்குன்னு இருந்ததே 18 பீஸ், அதுல அஞ்சு முதல்லயே போயிட்டா மிச்சம் 13. அதான் 86.

மொத்தமா வாங்குறவங்க அதிகமா இருக்குற கடைக்கு இந்த பள்ளம் இன்னும் ஆழம். நாள் முழுக்க கம்ப்யூட்டர் பாத்துகினு இருந்தாலும் முழுசா போவாது, 15 பீஸ் ஒரே பில்லுல போவும்போது நடுவுல நிறுத்த முடியாதுல்ல.

95 வேணும்னா s எவ்வளவுன்னு ஃபார்முலாவ கேக்காத, லூப்ப கேளு. 60ல இருந்து 70 வரைக்கும் ஒவ்வொண்ணா ஓட்டு.

காட்பாடி கண்ணன்
ஓட்டிட்டேன். 66ல 95 தொடுது, சராசரி ஸ்டாக் 69 ஆவுது. அதாவது 8 பீஸ் கூட வச்சா 86 இருந்து 95.

ஆனா ணா ஒரு கொழப்பம். அதே ரன்ல, கேட்ட மொத்த பீஸ்ல எத்தன குடுத்தோம்னும் எண்ணி வச்சிருக்கேன், அது 58லயே 99 பர்சன்ட் தாண்டி நிக்குது. 86ம் நெஜம், 99ம் நெஜம். அப்பாகிட்ட எத சொல்றது? 86ன்னேன், "அப்ப ஏழுல ஒருத்தர திருப்பி அனுப்புறோமா, போடா டேய்"னு சிரிச்சிட்டு போயிட்டார்.

சத்துவாச்சாரி முருகவேல்
அவர் சிரிச்சது சரிதான், ஏழுல ஒரு *ஆள்* இல்ல, ஏழுல ஒரு *பெட்டி*. அந்த ஏழாவது பெட்டி வர்றதுக்கு முன்னாடி கடைசி ஒரு நாளோ ஒன்றரை நாளோ ரேக் காலி, அதுல ஆறேழு பீஸ் கேட்டு இல்லன்னு போயிருப்பாங்க. எல்லா பெட்டிக்கும் பிரிச்சி பாத்தா நூறு பீஸுக்கு ஒண்ணு கூட வராது. அதான் 99.

ஒண்ணு "எத்தன தடவ அசிங்கப்பட்டோம்", இன்னொண்ணு "எத்தன பீஸ் வியாபாரம் போச்சி". பெட்டி பெருசா இருந்தா ரெண்டாவது நம்பர் எப்பவும் அழகாத்தான் தெரியும், வருஷத்துல 29 தடவதான் ரேக் காலியாவுற வாய்ப்பே வருது. பெட்டி 100க்கு பதிலா 25ன்னு மாத்தி அதே 58ல ஓட்டி பாரு, பெட்டி கணக்குல பெருசா மாறாது, பீஸ் கணக்கு நல்லாவே எறங்கும்.

கெபாசிட்டருக்கு நான் பீஸ் கணக்கத்தான் பாப்பேன். எதிர்ல இன்னொரு கடை இருக்கு, கஸ்டமர் அங்க போவார், அடுத்த வாரம் திரும்ப வருவார்.

ராணிப்பேட்டை தேவி
இது கெபாசிட்டருக்கு சரி. எனக்கு மெடிக்கல் ஷாப், ஃப்ரிட்ஜ்ல வைக்கிற இன்சுலின். அங்க 99 பர்சன்ட் பீஸ் குடுத்தேன்னு பெருமை பேச முடியாது, அந்த ஒருத்தர் ராத்திரி எட்டு மணிக்கு வந்து நிக்கும்போது இல்லன்னு சொல்ல மனசு வராது. அதனால எனக்கு பெட்டி கணக்குதான். அதே சமயம் எக்ஸ்பயரி வேற இருக்கு, இஷ்டத்துக்கு ஏத்தவும் முடியாது, உங்க லூப்ல பழசாகி தூக்கி போடுற கணக்கே இல்ல, அத யாராவது எழுதி வச்சிருக்கீங்களா?

இன்னொரு விஷயம் கண்ணன் தம்பி. நோட்ல இருந்து சராசரி 8 எடுத்தேன்னு சொன்னீங்கல்ல, அந்த நோட்ல இருக்கறது *வித்தது*. *கேட்டது* இல்ல. சரக்கு இல்லாத நாள் நோட்ல என்ன எழுதுவீங்க? ஒண்ணும் எழுத மாட்டீங்க. அது ஜீரோ விற்பனையா சராசரில சேந்துடும். எனக்கு ஒரு மாத்திர அப்படித்தான் ஆச்சு, ஸ்டாக் இல்லாததால விக்கல, விக்காததால கம்மியா வாங்கினேன், கம்மியா வாங்கினதால மறுபடி ஸ்டாக் இல்ல. மூணு மாசம் கழிச்சி டாக்டர் கிளினிக் பையன் "அக்கா உங்க கடைல அது வராதுன்னு நாங்க யாரையும் அனுப்புறதே இல்ல"ன்னான்.

காட்பாடி கண்ணன்
ஐயோ அக்கா. இப்பதான் நோட்ட எடுத்து பாத்தேன், போன மே மாசம் ரெண்டு எடத்துல தொடர்ச்சியா மூணு மூணு நாள் ஜீரோ. அக்னி நட்சத்திரத்துல வேலூர்ல பேன் கெபாசிட்டர் ஒரு பீஸ் கூட போவலன்னா நம்புற மாதிரியா இருக்கு. அப்பாவ கேட்டேன், "லாரி வரலடா அப்ப"ன்னார்.

குடியாத்தம் இளங்கோ
அந்த ஆறு நாள தூக்கிட்டு சராசரி எடு, சிம்பிள்.

ராணிப்பேட்டை தேவி
தூக்கினா மட்டும் போதாது இளங்கோ. நல்லா வித்த நாளுங்களுக்கு அடுத்துதான் சரக்கு தீரும், அந்த ஓட்டத்துலயே இன்னும் ரெண்டு நாள் நல்லா போயிருக்கும். தூக்கிட்டா அதுவும் போயிடும். அப்பறம் மதியம் தீந்து போன நாளும் இருக்கு, அது நோட்ல 4ன்னு இருக்கும், நெஜத்துல 12 கேட்டிருப்பாங்க. நான் இப்ப கல்லா பக்கத்துல ஒரு அட்டைல கேட்டு இல்லன்னு சொன்னத கோடு போட சொல்லியிருக்கேன், வேலைக்கு இருக்குற பொண்ணு பாதி நேரம் மறந்துடுது.

சத்துவாச்சாரி முருகவேல்
தேவி சொல்றது இந்த இழைலயே முக்கியமான விஷயம், இதுக்கு என்கிட்ட சுலபமான பதில் இல்ல. அட்டைதான் நல்ல வழி.

கண்ணன், "லாரி வரல"ன்னு அப்பா சொன்னாரே, அது எத்தன தடவ? இதுக்குத்தான் `L()` வச்சேன்.

ஆற்காடு மாமா
முப்பது வருஷமா ஹார்ட்வேர் கடை. ஒண்ணு கேக்குறேன் கோச்சிக்காதீங்க. சென்னைல இருந்து காட்பாடி 140 கிலோமீட்டர் கிட்ட, அதுக்கு அஞ்சு நாளா? நடந்தே வந்துடலாம். ஹோல்சேல்காரன் உங்க பெட்டி ஒண்ண மட்டும் அனுப்ப மாட்டான், பார்சல் ஆபீஸ்ல வேலூர் லோடு சேர்ற வரைக்கும் மூலைல கெடக்கும். லோடு சேந்தா அஞ்சு நாள், சேரலன்னா ஒன்பது பத்து. சராசரி அஞ்சுன்னு கம்ப்யூட்டர்ல போட்டா அது வேற ஊரு கணக்கு.

காட்பாடி கண்ணன்
மாமா சொன்னது அப்படியே. பழைய எல்ஆர் ரசீது எல்லாம் எடுத்து தேதி பாத்தேன், அஞ்சுல நாலு தடவ 5 நாள், ஒரு தடவ 9 நாள் மாதிரி வருது. இத போட்டேன்:

```python
lr = np.random.default_rng(11)
L = lambda: 9 if lr.random() < 0.2 else 5
```

s=58ல பெட்டி கணக்கு 86ல இருந்து 71க்கு விழுந்துடுச்சி. பீஸ் கணக்கு 99 இருந்தது 95.5 ஆவுது. சராசரி லீட் டைம் 5.8 தானே, ஒரு நாள் கூட இல்ல கூடினது, இதுக்கா இவ்ளோ அடி?

சத்துவாச்சாரி முருகவேல்
சராசரி அடிக்கல தம்பி, அந்த ஒன்பது நாள் பெட்டிதான் அடிக்குது. 53 பீஸ் கைல வச்சிகினு ஆர்டர் போடுற, ஒன்பது நாள்ல 72 கேப்பாங்க. இருபது பீஸ் போச்சி, அது கிட்டத்தட்ட உறுதி. நல்ல பெட்டில ஒரு பீஸ்கூட போவல, கெட்ட பெட்டி ஒண்ணுல இருபது. 5.8னு ஒரே நம்பரா போட்டு ஓட்டினா இந்த இருபது கண்ணுக்கே தெரியாது. 5.8ன்னு ஒரு லாரி எந்த நாளும் வந்ததில்ல.

இப்ப s ஏத்தி பாரு, எங்க பழைய 99 திரும்புது?

காட்பாடி கண்ணன்
80ல திரும்புது. பீஸ் கணக்கு 99, பெட்டி கணக்கு 91, சராசரி ஸ்டாக் 77. லாரி ஒழுங்கா 5 நாள்ல வந்தப்ப இதே 99க்கு 61 போதுமா இருந்தது. அப்ப அந்த லாரி ஆபீஸ் மூலைக்காக நான் 16 பீஸ் எப்பவும் கூட வச்சிகினு இருக்கணும்.

வாணியம்பாடி ரஃபீக்
எனக்கு ஒரு சந்தேகம், நான் லெதர் கெமிக்கல் வியாபாரம். எங்க கஸ்டமர் சரக்கு இல்லன்னா ஓட மாட்டார், "வந்ததும் அனுப்பு பாய்"னு சொல்லிட்டு காத்துகினு இருப்பார். இந்த கோட்ல இல்லாதது போனதுதான்னு எழுதியிருக்கு. நான் `hand`ஐ மைனஸ்ல போவ விட்டேன், சராசரி ஸ்டாக் உங்க நம்பர விட நல்லாவே கொறஞ்சி வருது. எங்க பிசினஸ் பெட்டர்னு சந்தோஷப்படலாமா?

சத்துவாச்சாரி முருகவேல்
பாய், சந்தோஷத்த கொஞ்சம் தள்ளி வைங்க. மைனஸ் 20ஐ மைனஸாவே சராசரில கூட்டியிருப்பீங்க, காலி கிடங்குல மைனஸ் 20 டிரம் நிக்காது. `stock_sum += max(hand, 0)`னு மாத்துங்க. ஆர்டர் போடுற எடத்துல மட்டும் மைனஸ அப்படியே விடணும், அந்த கடன் அடைக்கணும்ல. மாத்தினப்பறமும் கொஞ்சம் கம்மியா வரும், அது சரி, காத்துகினு இருந்தவருக்கு வந்த பெட்டில இருந்து முதல்ல குடுத்துடுறீங்க.

வாணியம்பாடி ரஃபீக்
அதேதான் பண்ணியிருக்கேன் 🤦 நன்றி பாய்.

ஆற்காடு மாமா
தம்பி, ஒரு கெபாசிட்டர் உனக்கு என்ன வெலை விழுது?

காட்பாடி கண்ணன்
பீஸ் 30 ரூபா மாமா.

ஆற்காடு மாமா
16 பீஸ், 480 ரூபா. இதுக்கா ஒரு வாரமா நாலு பேரு மண்டைய ஒடச்சிகினு இருக்கீங்க? 🤣 ஒரு பெட்டி எக்ஸ்ட்ரா வாங்கி மேல போடு, கெபாசிட்டர் என்ன அழுவுற பொருளா. எந்த ஐட்டத்துல காசு முடங்குதோ அதுக்கு போடு இந்த கணக்க.

சத்துவாச்சாரி முருகவேல்
மாமா அடிச்சது சரியான அடி. ஒத்துக்கிறேன், நான் இத முதல் நாளே கேட்டிருக்கணும்.

காட்பாடி கண்ணன்
அப்பாவும் இதையேதான் சொன்னார், சிரிச்சிகினே. சரி, எங்க கடைல காசு முடங்குறது போர்வெல் சப்மர்சிபிள் மோட்டார்தான். ஒண்ணு இருபதாயிரத்துக்கு மேல. மாசத்துக்கு ரெண்டு போவும், ஒரு சில மாசம் ஒண்ணு கூட போவாது, கோடைல திடீர்னு ஒரே வாரத்துல நாலு. இதே லூப்ல `dem` மட்டும் மாத்தினா ஓடுமா?

குடியாத்தம் இளங்கோ
பாய்சான் போடு. மாசத்துக்கு 2ன்னா நாளைக்கு 0.067.

சத்துவாச்சாரி முருகவேல்
லூப் ஓடும், பாய்சானும் ஆரம்பிக்க பரவால்ல. ஆனா அதுல ஒரே வாரம் நாலு அவ்ளோ சுலபத்துல வராது இளங்கோ, அவன் சொல்ற நாலு கோடைல வர்றது, வருஷம் முழுக்க பரவி வரல. ஒருத்தர் போர்ல தண்ணி எறங்கினா அந்த தெருவே மோட்டார் மாத்தும்.

ஆற்காடு மாமா
அத்தான் நானும் கேக்க வந்தேன். கெபாசிட்டருக்கே சித்திரையும் மார்கழியும் ஒரே 8 ஆ? உங்க 200000 நாள்ல கோடையே வரலியே.

சத்துவாச்சாரி முருகவேல்
வரல மாமா. வருஷம் முழுக்க ஒரே மாதிரின்னு எடுத்துதான் ஓட்டியிருக்கோம். அந்த டீவியேஷன் 5லயும் கோடையும் குளிரும் கலந்து கெடக்கு, மாசம் மாசமா பிரிச்சா பெரும்பாலும் அது கம்மியாத்தான் இருக்கும், சராசரிதான் ஏறி எறங்கும். மோட்டாருக்கு மார்ச்ல இருந்து ஜூன் வரைக்கும் ஒரு `dem`, மிச்சத்துக்கு ஒண்ணுன்னு தனித்தனியா ஓட்டி, s ரெண்டு வச்சிக்கலாம். எந்த தேதில ஒரு s விட்டு அடுத்த s போறது, அதத்தான் யோசிக்கணும், கோடை முடியும்போது கைல மூணு மோட்டார் நின்னா அது அடுத்த வருஷம் வரைக்கும் நிக்கும்.

கண்ணன், மோட்டார் வித்த தேதி மட்டும் மூணு வருஷத்துக்கு எழுதி போடு, வாங்க வந்து இல்லன்னு போனது அப்பாவுக்கு ஞாபகம் இருந்தா அதையும்.

காட்பாடி கண்ணன்
அப்பாவுக்கு ஒவ்வொரு ஆளும் பேரோட ஞாபகம் இருக்குணா. ஞாயித்துக்கெழம உக்கார வச்சி எழுதிடுறேன்.